தாகம் பிறப்பதும் தணிவதும்

டில்லியிலும் நாகபுரியிலும் வாழும் தமிழர்களாகிய நாம் மே மாதத்து வறண்ட வெயிலை நன்கு அறிவோம். வெளியே சென்று திரும்பியதும் இரண்டு குவளை நீர் பருகுகிறோம், தாகம் தணிகிறது. ஆயினும் அந்நீர் குடலில் உறிஞ்சப்பெற்று இரத்தத்தை நீர்க்கச் செய்யப் பத்து நிமிடங்களேனும் ஆகும். அதற்கு முன்பே தாகம் தணிவது எங்ஙனம்?

முதலில் தாகம் பிறக்கும் விதத்தைக் காண்போம். நம் மூளையின் அடிப்பகுதியில் இரத்தத்தின் உப்புச் செறிவை அளந்துகொண்டே இருக்கும் உயிரணுக்கள் உள்ளன. செறிவு மிகுந்தால் அவற்றினுள் இருக்கும் நீர் வெளியேறுகிறது, அவை சுருங்குகின்றன, அச்சுருக்கமே தாகச் செய்தியாகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு செறிவு கூடினாலே போதும். சுவீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்சன் 1950களில் வெள்ளாடுகளின் மூளையில் இவ்விடத்தை ஒட்டிச் சிறிதளவு உப்புக் கரைசலைச் செலுத்தினார். அவை உடனே நீரை நாடிப் பருகின.

இரண்டாவது காவலாளி இரத்தத்தின் அளவைக் கவனிப்பது. இதய அறைகளின் சுவர் தளர்வதைக் கொண்டும், சிறுநீரகம் தூண்டிவிடும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளைக் கொண்டும் இழப்பை மூளை அறிகிறது. இக்காவலாளி விழிப்பதோ தாமதமாகத்தான். இரத்தத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலன்றித் தாகத்தை அது வலுவாக எழுப்புவதில்லை.

இனித் தணிவதைப் பார்ப்போம். விழுங்கும் ஒவ்வொரு மிடற்றையும் வாயும் தொண்டையும் மூளைக்கு அறிவிக்கின்றன. சற்றுப் பின் குடலும் அறிவிக்கிறது. குடித்தது போதும் என்று மூளை முன்கூட்டியே கணக்கிட்டு நிறுத்துகிறது. விழுங்கிய நீர் இரைப்பையை அடையாமல் வெளியே வழியுமாறு செய்யப்பட்ட நாய்கள் சற்றே நிறுத்திவிட்டு மீண்டும் குடித்தன. தொண்டையின் செய்தி தற்காலிகமானதே. முடிவான தீர்ப்பு இரத்தத்தினுடையது.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. மூன்று லிட்டர் வியர்வை சிந்திய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வியர்வையின் உப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். இவருடையதில் இரத்தத்தில் உள்ளதைப் போல் மூன்றில் ஒரு பங்கு உப்பு என்று கொள்வோம். எனவே இவர் இழந்தது இரண்டு லிட்டர் வெறும் நீரும், இரத்தத்தை ஒத்த உப்புநீர் ஒரு லிட்டரும் ஆகும். இரண்டு லிட்டர் தண்ணீர் பருகியதும் செறிவு பழைய நிலைக்கு வந்துவிடும். முதற் காவலாளி ஓய்ந்துவிடுவான். எஞ்சிய ஒரு லிட்டர் குறைவு இரண்டாமவனை எழுப்பப் போதாது. ஆகவே தாகமின்றியே உடல் குறைபட்டு நிற்கும். எழுந்து நிற்கையில் தலைசுற்றலும், குறைந்து கருமஞ்சளாகும் சிறுநீருமே அதன் அறிகுறிகள்.

இக்குறையைத் தீர்ப்பது அடுத்த வேளை உணவின் உப்பு. நாம் பருகும் உப்பிட்ட நீர்மோர், நீரையும் உப்பையும் ஒருங்கே தருகிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே உப்பைக் கூட்டவேண்டும். முதியோரிடம் முதற் காவலாளியே மந்தமாகிவிடுகிறான். ஆதலின் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், வேளைதோறும் நாமே நீர் கொடுத்தல் வேண்டும்.