இரவுப் படத்தில் ஒட்டிய முகம்

கல்யாண வரவேற்பில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரம், மண்டபத்து வாசல், மேலே குண்டு பல்புச் சரங்கள். ஃபிளாஷ் அடித்த நொடியில் பாட்டி மட்டும் கண்ணை மூடிவிட்டார். காலையில் முகூர்த்தத்தின்போது எடுத்த படத்தில் அவரே கண் திறந்து நேராகப் பார்க்கிறார். "அந்த முகத்தை இங்கே வைத்துக் கொடுங்கள்" என்று ஸ்டூடியோவில் கேட்கிறோம். வெட்டி வைப்பது எளிது. ஆனால் வைத்த முகம் ஒட்டாமல் தனியாக நிற்கும். ஒன்று, நிறம் சேரவில்லை. இன்னொன்று, இரவுப் படத்தில் இருக்கும் பொடிப் புள்ளிகள் அந்த முகத்தில் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் அதை நாய்ஸ் என்பார்கள், கிரெய்ன்ஸ் என்பார்கள்.

முதலில் நிறம். ஃபிளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமானது. குண்டு பல்பின் வெளிச்சம் 2800 கெல்வின் அளவில், நல்ல மஞ்சள். இரவுப் படத்தில் ஒரே முகத்தின் மேல் இந்த இரண்டும் விழுந்திருக்கின்றன. ஃபிளாஷ் நேராகப் படும் நெற்றியும் மூக்கும் இயல்பான நிறத்தில் இருக்கும். ஃபிளாஷ் சரியாக எட்டாத தாடைக்குக் கீழும் காதோரமும் செம்மஞ்சள் ஏறியிருக்கும். இதைக் கவனிக்காமல் காலை முகம் முழுவதற்கும் ஒரே அளவு மஞ்சள் ஏற்றினால், நெற்றிகூட மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். வெளிச்சமான பகுதியை ஒரு விதமாகவும் நிழலை இன்னொரு விதமாகவும் திருத்த வேண்டும்.

எதைப் பார்த்துத் திருத்துவது? பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. அது சரிவராது, அவர் தோலின் நிறம் வேறு. கண் மூடிய பாட்டியின் முகம் அந்தப் படத்திலேயே இருக்கிறதே! அதே தோல், அதே வெளிச்சம், அதே தூரம். அதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது. ஆகவே அந்த முகத்தை அழிக்காமல் கீழ் லேயரில் வைத்துக்கொண்டு, இரு முகங்களிலும் ஒரே இடங்களை நிறம் எடுக்கும் கருவியால் அளந்து பார்க்க வேண்டும். ஒற்றைப் புள்ளியைத் தொட்டால் நாய்ஸ் ஏமாற்றிவிடும். ஐந்துக்கு ஐந்து பிக்சல்களின் சராசரியை எடுக்கும்படி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள்.

நெற்றியில் இரண்டும் பொருந்திவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தாடைக்குக் கீழே இரவு முகத்தில் நீல அளவு 40 இருக்கிறது, காலை முகத்தில் 72 இருக்கிறது. போட்டோஷாப்பில் கர்வ்ஸ் திறந்து, நீலத்தை மட்டும் எடுத்து, கோட்டின் மேல் பாதியைப் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, கீழ்ப் பாதியை இறக்குங்கள். நெற்றி அப்படியே நிற்க, நிழல் மட்டும் மஞ்சளாகும். பச்சையையும் பெரும்பாலும் சிறிதளவு இறக்க வேண்டியிருக்கும்.

நாய்ஸ் வேலை இதற்குப் பிறகுதான். முகத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தாலும், கர்வ்ஸை இழுத்தாலும் புள்ளிகளும் சேர்ந்து மாறும். அதனால் அளவும் நிறமும் முடிந்த பின்பே புள்ளி சேர்க்க வேண்டும். முகத்துக்கு மேல் நடுச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் வைத்து, அதை முகத்தின் லேயரோடு கிளிப் செய்து, ஓவர்லே முறைக்கு மாற்றி, அதில் நாய்ஸ் சேர்ப்பது நல்ல வழி. பிடிக்காவிட்டால் லேயரைத் தூக்கிவிடலாம், முகத்துக்குச் சேதமில்லை. மென்பொருள் போடும் புள்ளி மிகக் கூர்மையாக, மணல் தூவியதுபோல் இருக்கும். கேமரா தரும் புள்ளியோ சற்றுத் திட்டுத் திட்டாக இருக்கும். எனவே அரை பிக்சல் அளவுக்கு அதை மங்கலாக்கினால்தான் பொருந்தும்.

அதிகம் பேர் தவறுவது இங்கே. பின்னால் இருக்கும் இருட்டில் தெரியும் நாய்ஸைப் பார்த்து, அதே அளவை முகத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். ஃபிளாஷ் நன்றாகப் பட்ட நெற்றியில் புள்ளிகள் சொற்பமாகவே தெரியும். இருளை நெருங்க நெருங்கத்தான் அதிகமாகும். அந்த லேயரில் ஒரு மாஸ்க் போட்டு, நெற்றியில் குறைத்து, தாடையோரத்தில் விட்டுவையுங்கள். அளவுக்கு மறுபடியும் பாட்டியின் கண் மூடிய முகம்தான்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தை நூறு சதவீத அளவில் வைத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். குண்டு பல்பில் நீலம் குறைவு என்பதால், அந்த வெளிச்சம் விழுந்த இடங்களில் நீலத்தில்தான் புள்ளிகள் அதிகம் இருக்கும். ஒட்டிய விளிம்பும் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். நிற அடர்த்தியைத் தற்காலிகமாக முழுதும் ஏற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய நிற வேறுபாடும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் இந்த முறையால் சரிசெய்ய முடியாது. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒரு கன்னம் இருண்டிருந்தால், அந்த முகம் ஃபிளாஷ் படத்துக்கு ஆகாது. நிறமும் நாய்ஸும் எவ்வளவு பொருந்தினாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். வேறு படம் தேடுவதே மேல்.

படம் எடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இரவில் குழுப்படம் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அமைப்பை மாற்றாமல், ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆகும்வரை பொறுத்து, நான்கைந்து படங்கள் எடுத்துவிடுங்கள். அவற்றில் ஒன்றிலாவது பாட்டி கண் திறந்திருப்பார். அந்த முகத்துக்கு நிறமும் நாய்ஸும் சேர்க்க வேண்டிய வேலையே அநேகமாக இருக்காது.