காரணத்தை அன்றே எழுதுவோம்
(கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது, தோட்ட ஆபீசில் ஒரு தொழிலாளியின் பைலில் எழுதப்படும் இரண்டு மூன்று வரிக் குறிப்பைப் பற்றி. அதை எழுதுகிறவர்கள் கிராணிமாராகிய நாங்கள். அதனால் வேலை இழக்கிறவர்கள் பால்மரம் சீவும் நீங்கள். ஆகவே இரு சாராரும் சேர்ந்து கேட்கவேண்டிய பேச்சு இது.

முதலில் ஒரு வழக்கைச் சொல்லுகிறோம். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். ஒரு நாள் காலை கண்டக்டர் ஒரு நிரையைப் பார்வையிட்டு வந்து, "அந்த ஆள் மரத்தையெல்லாம் காயப்படுத்துகிறான்" என்றார். நாங்கள் பைலை எடுத்து, "வெட்டு மோசம். பலமுறை எச்சரித்தாயிற்று. நீக்கலாம்" என்று எழுதினோம். துரை கீழே கையெழுத்திட்டார். பெயருக்கு ஒரு விசாரணை நடந்தது. மரங்களைக் காயப்படுத்தியதற்காக வேலையிலிருந்து நீக்கப்படுவதாகக் கடிதம் போயிற்று.

அந்தத் தோழர் சும்மா இருக்கவில்லை. நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்தார். சமரசப் பேச்சு முறிந்தது. வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நாங்கள் சாட்சிக் கூண்டில் ஏறினோம், அந்த மூன்று வரியோடு.

எத்தனை மரங்களைப் பார்த்தார்கள் என்று கேட்டார்கள். எத்தனையில் காயம்? எந்தெந்த மரம்? உளி உள்தோலைக் கடந்து கட்டையைத் தொட்டதா, மேற்பட்டையில் கீறியதோடு சரியா? காயம் அன்றைய வெட்டில் இருந்ததா, பழையதா? எதற்கும் குறிப்பில் விடையில்லை.

கடைசிக் கேள்வியின் கனம் பால்மரம் சீவுகிறவர்களுக்குத் தெரியும். வெட்டு மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. அன்றைய காயமானால் வெட்டுக் கோட்டிலேயே இருக்கும். பழைய காயமானால் கோட்டுக்கு மேலே, புதுப்பட்டை வளரும் இடத்தில் இருக்கும். முந்தின வாரம் அந்த நிரையை மாற்றாள் ஒருவர் வெட்டியிருந்தார். காயம் யாருடையது என்பதை அன்று காலை மரத்தடியில் நின்று கண்ணால் சொல்லியிருக்கலாம். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் நின்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது எச்சரிக்கை. பைலில் இரண்டு வரிகளுக்கு நடுவே, வேறு மையில், நெருக்கி எழுதிய ஒரு வரி இருந்தது; இன்ன தேதியில் வாய்மொழியாக எச்சரித்ததாகச் சொல்லிற்று. தொழிலாளியின் பக்கத்தார் அந்த மாதச் செக்ரோலைக் கேட்டு வாங்கினார்கள். அந்தத் தேதியில் அவர் பெயருக்கு நேரே "ஆஸ்பத்திரி" என்று எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவரைத் தோட்டத்தில் எச்சரித்தது எப்படி? அதற்குப் பிறகு அந்தப் பைலில் இருந்த உண்மையான வரிகளையும் யாரும் நம்பவில்லை. நீக்கியது தகாது என்று தீர்ப்பாயிற்று.

அந்த வழக்கில் நிர்வாகம் இன்னொன்றும் செய்து பார்த்தது. பாலில் தண்ணீர் கலந்தான், ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று புதிய காரணங்களை நீதிமன்றத்தில் அடுக்கிற்று. அவை எடுபடவில்லை. 1981-ஆம் ஆண்டில் கூன் குவீ போய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்த விதி இதுதான்: முதலாளி நீக்கத்துக்கு ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்றுதான் தொழில் நீதிமன்றம் பார்க்கவேண்டும். மெய்ப்பிக்கப்படாவிட்டால் நீக்கம் நியாயமற்றது. முதலாளி அன்று பிடித்துக்கொள்ளாத வேறொரு காரணத்தைத் தேடி அதன்மேல் தீர்ப்புச் சொல்லலாகாது.

நீக்கக் கடிதம்தான் முடிவைச் சொல்லும் பத்திரம். பைல் குறிப்பு அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் காரணம் நிற்கும். கடிதம் ஒன்று சொல்ல, குறிப்பு ஒன்று சொல்ல, நீதிமன்றத்தில் வாய் மூன்றாவது ஒன்றைச் சொன்னால் எதுவும் நிற்காது.

இனி, அன்றே எழுதுவதன் பயன் என்ன? 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு, சம்பவம் நடந்தபோதோ, நினைவு மாறாதிருக்கும் அளவுக்குச் சீக்கிரத்திலோ தாமே எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக்கு இடம் தருகிறது. 161-ஆவது பிரிவு அந்த எழுத்தை எதிர்த்தரப்பாரும் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்கிறது. தொழில் நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களில் சிக்காமல் நியாயத்தையும் மனச்சாட்சியையும் பார்த்தே தீர்ப்பளிக்கவேண்டியது. ஆனாலும் அன்றைய எழுத்துக்கும் பின்னால் சொல்லும் கதைக்கும் எடை ஒன்றல்ல என்பது அங்கேயும் உண்மை.

கிராணி நண்பர்களே! அந்தக் குறிப்பை நாங்கள் எப்படி எழுதியிருக்கவேண்டும் என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். "இன்ன தேதி, காலை 9 மணி. கண்டக்டரும் மண்டோரும் பார்த்தது. நிரை எண் இன்னது. 20 மரங்களில் 3-இல் கட்டை வரை காயம். 2 அன்றைய வெட்டுக் கோட்டில், 1 மேலே, பழையது. முந்தின வாரம் மாற்றாள் வெட்டினார். தொழிலாளி சொன்ன பதில்: உளி புதிது, பட்டை மெல்லியது. முன் எச்சரிக்கைக் கடிதம் ஏதும் பைலில் இல்லை. கண்டக்டரின் யோசனை: நீக்கம். துரையின் முடிவுக்கு வைக்கப்படுகிறது." இவ்வளவுதான், எழுதப் பத்து நிமிடம் ஆகும். இப்படி எழுதியிருந்தால், இரண்டு காயத்துக்காக, எச்சரிக்கைக் கடிதமே இல்லாத ஆளை நீக்கலாமா என்று துரையே ஒருதரம் நினைத்துப் பார்த்திருப்பார்.

பார்த்ததை ஒரு வரியிலும், கேள்விப்பட்டதை வேறு வரியிலும், யார் சொன்னார் என்ற பெயரோடும் எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒரே கோடு இழுத்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். பிந்தி நினைவுக்கு வந்ததை இடைவரியில் செருகாதீர்கள். கடைசியில், எழுதும் நாளின் தேதியோடு எழுதுங்கள். மேலிடத்தில் சொல்லி எழுதினால், "இன்னார் உத்தரவுப்படி" என்று அதையும் எழுதுங்கள்.

பால்மரத் தோழர்களே! உங்கள் கையிலும் ஒரு பைல் இருக்கட்டும். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். யாராவது குறை சொன்னால், அன்று மாலையே தேதி, நிரை, சொன்னவர் பெயர், சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன பதில், உடன் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் தாம் சொல்ல மகளை எழுதச் சொல்லுங்கள். அப்படியானால் எழுதிய பெண் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். உங்களை நீக்கினால் காரணத்தைக் கடிதத்தில் கேளுங்கள். அந்த 60 நாள் தவணையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஆபீஸ் குறிப்பு ஓட்டையாக இருந்தால் வழக்கு தானாக வென்றுவிடாது. உள்விசாரணையில் குறை இருந்தாலும், தொழில் நீதிமன்றம் உண்மையைத் தானே புதிதாக விசாரிக்கவேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 1995-இல் மிலான் ஆட்டோ வழக்கில் சொல்லிவிட்டது. நிர்வாகம் நேர்ச்சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். அப்போது உங்களுக்குத் துணை உங்கள் நோட்டுப் புத்தகம்தான்.

அந்தத் தோழருக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் வழக்கு முடியுமுன்னே லயத்து வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பிள்ளைகளோடு வேறூர் போய்விட்டார். எழுதின கை எங்கள் கை என்பதால்தான் இதை உங்கள்முன் சொன்னோம்.