சான்றிதழின் ஆண்டும் கல்வி இடைவெளியும்

(சிட்னி, செவன் ஹில்ஸில் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாயகத்திலிருந்து இங்கு படிக்க விண்ணப்பிக்கும் மருமகனுக்கோ பெறாமகளுக்கோ விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு, செவன் ஹில்ஸ், துங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளில் வாழும் உறவினரிடமே பெரும்பாலும் வந்து சேருகின்றது. அக்கடிதத்தில் கூடுதலாகத் தடுமாறும் இடம், பாடசாலைக் கல்விக்குப் பின்னான இடைவெளியே ஆகும்.

இலங்கையின் க.பொ.த. உயர்தரச் சான்றிதழில் உள்ள ஆண்டும் பரீட்சை நடைபெற்ற ஆண்டும் அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒன்றாக இருக்கவில்லை. 2019 வரை ஓகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வந்த பரீட்சை, கொரோனாத் தொற்றின் பின் தடம் மாறியது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே நடைபெற்றது. பெறுபேறு ஓகஸ்டில் வந்தது. 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 சனவரி, பெப்ரவரியில் நடைபெற்று, பெறுபேறு செப்ரெம்பரில் வெளியானது. சிட்னியிலோ மெல்பேணிலோ இருக்கும் அனுமதி அலுவலர் இதனை அறிந்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. சான்றிதழில் காணும் ஆண்டிலிருந்தே அவர் கணக்கிடுவார்.

யாழ்ப்பாணத்து மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சைக்கு முதல் முறையும் 2022ஆம் ஆண்டுக்குரியதற்கு இரண்டாம் முறையும் வர்த்தகப் பிரிவில் தோற்றிய அவர், 2025 யூலைத் தவணையில் கணக்கியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார் என வைத்துக்கொள்ளுங்கள். முதற் சான்றிதழை மட்டும் பார்ப்பவருக்கு இடைவெளி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். ஆயினும் இரண்டாம் முறைப் பெறுபேறு கைக்கு வந்ததோ 2023 செப்ரெம்பரில். அதிலிருந்து 2025 யூலை வரை 22 மாதங்களே. அதில் 2023 ஒக்டோபர் முதல் 2025 சனவரி வரையான 16 மாதங்கள் ஒரு கடையின் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். எஞ்சிய மாதங்கள் ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் சென்றன. விளக்கக் கடிதம் சொல்ல வேண்டியது இவ்வளவே. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற பொதுவான வரி இம்மாதங்களில் ஒன்றையேனும் நிரப்பாது.

எனவே முதலில் மாதவாரியாக ஓர் அட்டவணை அமைத்து, ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு பத்திரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பரீட்சைகளுக்கும் உரிய பெறுபேற்றுத் தாள்களும், தேதி காட்டும் பரீட்சை அனுமதி அட்டைகளும் வேண்டும். பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பெறுபேற்றை ஆங்கிலத்தில் பெற முடியும். முதல் முறைப் பெறுபேறு குறைவாக இருந்தாலும் மறைத்தல் கூடாது. அந்த ஆண்டு எங்கே போனது என்பதற்கு அதுவே சான்று. வேலைக்கு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வங்கிக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று ஆகியன வலுவானவை. சம்பளம் கையிற் பணமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதனை அவ்வாறே எழுதி, உரிமையாளரின் கடிதத்துடன் வணிகப் பதிவுச் சான்றின் பிரதியை இணைக்கலாம். தமிழ்ப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

பிழை எங்கே நேர்கின்றது? தேதிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில். முழுநேர வேலை 2023 சனவரியில் தொடங்கியதாகக் கடை உரிமையாளர் அன்பின் மிகுதியால் எழுதிக் கொடுத்தால், அம்மாதம் மாணவிக்குப் பரீட்சை இருந்ததாகப் பரீட்சை அனுமதி அட்டை கூறும். அத்துடன் மற்றைய பத்திரங்களும் ஐயத்துக்கு உள்ளாகும். பத்திரங்களை அருகருகே வைத்துத் தேதிகளை மட்டும் வாசித்தால் இம்முரண்பாடு உடனே தெரியும். இல்லாத வேலைக்குக் கடிதம் பெறுவது இதனினும் ஆபத்தானது. போலிப் பத்திரம் கண்டறியப்பட்டால் விசா மறுக்கப்படுவதுடன், பொதுநலன் நிபந்தனை 4020இன் கீழ் மூன்று ஆண்டுகள் வேறு பல விசாக்களும் கிட்டாமற் போகலாம். விளக்கமில்லாத நான்கு மாத வெற்றிடம் அதைவிடச் சிறிய குறையே.

கடிதம் இரு இடங்களுக்குச் செல்கின்றது என்பதையும் மனத்திற் கொள்க. பல்கலைக்கழகத்துக்கு அட்டவணையுடன் ஒரு பக்கக் கடிதம் போதுமானது. மாணவர் விசாவுக்கு, 2024 மார்ச் 23 முதல் 'உண்மையான மாணவர்' என்னும் தேவை நடைமுறைக்கு வந்துள்ளது. இணையப் படிவத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் ஆங்கிலத்தில் 150 சொற்களுக்குள் விடையளிக்க வேண்டும். ஆகவே அங்கு இடைவெளியை இரண்டு, மூன்று வாக்கியங்களிற் சொல்லி, பத்திரங்களை இணைப்பதே வழி. சான்றில்லாத பொதுவான கூற்றுகளுக்கு அங்கு மதிப்பில்லை. இரு இடத்திலும் தேதிகள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இறுதியாக, எழுதுபவர் இங்குள்ள மாமனாராக இருந்தாலும், சொற்கள் மாணவியினுடையனவாக இருக்கட்டும். பல்கலைக்கழகம் நேர்காணலுக்கு அழைத்தால், கடையில் என்ன கணக்கு எழுதினார், அது கணக்கியல் படிப்புக்கு எவ்வாறு இட்டுச் சென்றது என்பதை விடையளிக்க வேண்டியவர் அவரே.