உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

 

சில மாதங்களுக்கு முன்னர் இஷாத் தொழுகையின் பின் ஒரு சகோதரர் என்னைச் சந்தித்தார். கிழக்கிலங்கை வழமைப்படி மனைவியின் வீட்டில் வசிப்பவர். தாயார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குழந்தைக்கு 14 மாதம். உடல்நலிவின் காரணமாக, வைத்தியரின் ஆலோசனையோடு பால்குடியை நிறுத்த மனைவி விரும்பியிருக்கிறார். இவரோ, "உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விட்டு, "இரண்டு வருடம் முடியாமல் நிறுத்தக் கூடாதென்று உம்மா சொல்லிவிட்டா" எனத் திரும்பி வந்திருக்கிறார்.

"அதன் பின் வீட்டில் சண்டையே இல்லை மௌலவி. ஆனால் அவ என்னிடம் எதையும் கேட்பதுமில்லை" என்றார். அதுதான் அடையாளம். கேட்டுப் பயனில்லை என்று அறிந்த பெண் கேட்பதை நிறுத்திக் கொள்கிறாள்.

நீங்களும் இவரைப் போன்றவராயின், சூரதுல் பகராவின் 233ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். பூரணமாகப் பாலூட்ட நாடுவோருக்கு இரண்டு வருடங்கள் என்று கூறும் அதே வசனம், அதற்கு முன்னரே நிறுத்துவதாயின் தாயும் தந்தையும் பரஸ்பரம் திருப்தியுற்று ஆலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. கவனியுங்கள்: ஒரு சிசுவின் பால்குடியில்கூட அல்லாஹ் ஆலோசனையை அவ்விருவரிடமே ஒப்படைத்திருக்கிறான்.

தாயின் அந்தஸ்தை இது குறைக்காது. நல்லுறவுக்கு மிகத் தகுதியானவர் யார் என்று வினவப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் மும்முறை தாயையே கூறினார்கள். ஆனால் அது மகனின் கடமை. தன் கையால், தன் உழைப்பால் அவன் நிறைவேற்ற வேண்டியது. தாய்க்குப் பணிவிடை செய்வது வேறு, அவரது அனுபவத்தைக் கேட்டறிவது வேறு, மனைவியோடு எடுக்க வேண்டிய முடிவை அவரிடம் கையளிப்பது வேறு. நம்மில் பலர் மூன்றாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக எண்ணிக் கொள்கிறோம்.

இன்னுமொரு தவறு. தாயிடம் சென்று "அவ விரும்புகிறா இல்லை" என்பது. இவ்வார்த்தையால் நீங்கள் தப்பித்துக் கொள்கிறீர்கள், மருமகள் குற்றவாளியாகிறாள். முதலில் மனைவியோடு அமர்ந்து பேசுங்கள். தாயின் கருத்தையும் அங்கே எடுத்துச் சொல்லுங்கள். முடிவான பின், உங்கள் வாயாலேயே, "நாங்கள் இப்படித் தீர்மானித்திருக்கிறோம் உம்மா" என்று கனிவாகக் கூறுங்கள். தாய் சில நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அந்நாட்களில் போக்குவரத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள்.

அச்சகோதரர் அவ்வாறே செய்தார். தாயார் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லையாம். இவர் தினமும் சுபஹுத் தொழுதுவிட்டு அங்கே போய்த் தேநீர் குடித்து வந்திருக்கிறார். எட்டாம் நாள் தாயாரே, "புள்ள இப்ப சோறு தின்னுதா?" என்று கேட்டாராம்.