"இரண்டு வார்த்தை பேசுங்க"
(திருகோணமலைக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



துறைமுகத்துக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கிய நம் அண்ணர் ஒருவருக்கு அண்மையில் பிரியாவிடை வைத்தோம். முதல் நாள் பின்னேரம்தான் கிளைக்குச் செய்தி வந்தது. "நாளைக்கு அண்ணருக்குப் பிரியாவிடை. சங்கத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசுங்க." அவ்வளவுதான். எத்தனை நிமிடம், சிரிக்கப் பேசுவதா கலங்கப் பேசுவதா, கூட்டாளியாகவா சங்கமாகவா என்று ஒன்றும் சொல்லவில்லை. தோட்டங்களிலும் இப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். ஆகவே அன்றிரவு நாங்கள் செய்ததைச் சொல்கிறோம்.

முதலில் கேட்டது, அண்ணர் ஏன் போகிறார் என்று. பேச்சின் தொனி அதில்தான் இருக்கிறது. 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரன் இந்தக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது வேலை இழந்தவனிடம் "ஓய்வு வாழ்க்கை இனிதாகட்டும்" என்றால் அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? நம் பெரியவர்கள் அழுகைக் கோச்சியில் ஏற்றி அனுப்பிய சொந்தங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் பேச்சுப் பேசவில்லை. அண்ணர் போவது 60 வயது முடிந்து. அதனால் நிதானமாக, கொஞ்சம் சிரிப்போடு பேசலாம் என்று முடிவு செய்தோம்.

நேரம் தெரியாதபோது மூன்று நிமிடத்துக்கு எழுதிக்கொள்வது பிழைக்காது. கொப்பியில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். சுருக்கச் சொன்னால் நடுவில் உள்ள கதையை மட்டும் சொல்லி இறங்கலாம்.

உறவுதான் சிக்கல். எங்களில் பாதிப் பேர் அண்ணரோடு ஒரு நாளும் மூட்டை தூக்காதவர்கள். கூட்டாளி போல நடித்தால் அவருடைய கேங்கில் இருப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவரோடு சுமந்த ஒருவரைத் தேடிப் போய், "நல்லவர், வல்லவர் என்று வேண்டாம், நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். அவர் சொன்னதுதான் பேச்சானது.

அண்ணரின் வீட்டாரிடமும் கேட்டோம், எதைத் தொடக்கூடாது என்று. ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அதை மேடையில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டோம். குடி, கடன், நோய், பழைய சண்டை, இதெல்லாம் பகிடிக்குக்கூட வேண்டாம். முன்வரிசையில் மருமகன் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வரியை எழுதிவிட்டு வெட்டினோம். "எல்லாக் கணக்கும் நல்லபடி தீர்ந்தது" என்று எழுதியிருந்தோம். விசாரித்தால் பணிக்கொடை இன்னும் கைக்கு வரவில்லை. சங்கமே மேடையில் தீர்ந்தது என்று சொன்னால் பிறகு எந்த வாயால் கேட்பது?

பேசியது இதுதான்:

"அண்ணருக்கும், அண்ணிக்கும், பிள்ளைகளுக்கும் வணக்கம். நாங்கள் சங்கத்தின் சார்பில் வந்திருக்கிறோம். அண்ணரோடு மூட்டை தூக்கிய பெருமை எங்களில் பலருக்கு இல்லை. தூக்கிய ஒருவர் சொன்னதைச் சொல்கிறோம். வேலைக்கு வந்த முதல் நாள் அவருக்குத் தோள் உரிந்து இரத்தம் கசிந்திருக்கிறது. அண்ணர் ஒன்றும் பேசவில்லை. தன் தோளில் இருந்த மடித்த சாக்கை எடுத்து அந்தப் பையன் தோளில் போட்டுவிட்டு, பொழுதுசாயும் வரை வெறுந்தோளோடு சுமந்திருக்கிறார். மறுநாள் இரண்டு சாக்கு கொண்டு வந்தாராம். அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும் அண்ணரிடம் ஒரு சாக்கு கூடுதலாக இருக்கும். 33 வருடம். அண்ணர், இனி காலையில் சைக்கிளை எடுக்க வேண்டாம். எடுத்தாலும் கிளைப் பக்கம் வாங்க, தேத்தண்ணி இருக்கும்."

கடைசி இரண்டு வரியைச் சிங்களத்திலும் சொன்னோம். அவருடைய கேங்கில் பாதிப் பேர் சிங்களத் தோழர்கள். தங்கச்சி ஒருத்தி தமிழ் எழுத்தில் எழுதித் தந்ததை மூன்று தரம் வாசித்துப் பழகினோம். உச்சரிப்புக்குச் சிரித்தார்கள், கையும் தட்டினார்கள்.

இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அண்ணர் எழுந்து ஏதோ சொல்ல வந்து, மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்கை மேடைக்கு வெளியே பேசினோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும், கடைசியாக வாங்கிய சம்பளப்படி 14 நாள் சம்பளம் சேரவேண்டும். அண்ணருக்கு 33 வருடம், ஆக 462 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். எவ்வளவு என்று சொந்தக்காரர் முன்னால் சொல்லவில்லை, அது அவருடைய வீட்டு விஷயம். தவணை முடிந்த மறுநாள் காலையில் தொழில் திணைக்களத்துக்கு அவரோடு யார் போவது என்று மட்டும் இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.