பச்சை வளையல் கேட்ட பெண்

இன்று ஒரு கதை சொல்லப் போகிறேன். மதுரையில் மாசி வீதிப் பக்கம் தள்ளுவண்டியில் கண்ணாடி வளையல் விற்கும் ஒருவரின் கதை.

வண்டியின் மேல் குறுக்கே நாலு கம்பு. ஒவ்வொன்றிலும் வடக்கே ஃபிரோசாபாத்திலிருந்து வந்த வளையல்கள் நிறம் பிரித்துக் கோத்திருக்கும். பச்சை, சிவப்பு, கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், ஓரத்தில் கறுப்பு. வாங்க வருகிறவர் வாயால் ஒரு நிறம் சொல்வார். கை வேறொரு நிறத்தைத் தொடும். தொட்ட நிறம்தான் ஆசை, சொன்ன நிறம் வீட்டுக்குப் பயந்து சொன்னது என்று நம் வளையல்காரர் வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டார். மாமியாரோடு வந்த மருமகள் "அரக்கு போதும்" என்றால், அவள் விரல் பட்ட கிளிப்பச்சையில் ரெண்டு எடுத்து அரக்கோடு கலந்து கட்டிவிடுவார்.

ஆனால் பச்சை நிறம் அவருக்கு அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை.

ஓர் ஆடி மாதம். பூரத்துக்கு நாலு நாள் இருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வந்து, "ரெண்டு டஜன் பச்சை குடுங்கண்ணே" என்றார். இவரும் வழக்கம்போல, "கையைக் காட்டு தாயி, சைஸ் பார்ப்போம்" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கில்லண்ணே, அம்மனுக்கு" என்று சொல்லிக் காசை வைத்துவிட்டுப் போனார்.

ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். அன்று சாத்திய வளையல்களைப் பெண்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். பிள்ளை வேண்டி நிற்பவர்கள் அதை வாங்கிக் கையில் போட்டுக்கொள்வது வழக்கம். வளையல்காரருக்கு இது தெரியாததல்ல. கேட்கிற நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஆடியில் யார் பச்சை கேட்டாலும், அவராக அளவு கேட்பதே இல்லை.

அடுத்த இரண்டு ஆடியிலும் அந்தப் பெண் வந்தார். அதே ரெண்டு டஜன். இவர் பேசாமல் எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நடுவில் ஒரு தீபாவளிக்குத் தனக்கென்று மயில்கழுத்து நீலம் கேட்டார். அன்றுதான் இவர் அந்தக் கையை முதன்முதலாகப் பிடித்தார். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளைச் சேர்த்து அழுத்தி, வளையலைச் சாய்த்து ஏற்ற வேண்டும். மணிக்கட்டை அல்ல, முட்டியைத்தான் வளையல் தாண்ட வேண்டும். அந்தக் கைக்கு ரெண்டு நாலு சரியாக இருந்தது. அதாவது உள்விட்டம் 2 அங்குலத்தோடு பதினாறில் 4 பங்கு. ரெண்டே கால் அங்குலம்.

பிறகு ஒரு தை மாதம். பூரமும் இல்லை, திருவிழாவும் இல்லை. அந்தப் பெண் வந்து, "பச்சை குடுங்கண்ணே, ஒரு டஜன்" என்றார். இவர் காகிதத்தை எடுத்தார்.

"சுத்த வேண்டாம். எனக்குத்தான்."

ரெண்டு நாலில் ஒரு கொத்தை இறக்கினார். அந்தப் பெண் தலையசைத்தார். "இது வேண்டாம். கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும்."

மூணு ஆடியாகப் பார்த்த கை. இளைக்கவும் இல்லை, பருக்கவும் இல்லை. மாதம் ஏற ஏற விரல்கள் வீங்கும், அப்போது இறுக்கமான கண்ணாடியைக் கழற்ற முடியாது என்று யாரோ பெரியவர் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். வளையல்காரர் ரெண்டு ஆறில் ஒரு டஜன் எடுத்தார். சோப்பு தேவைப்படவில்லை, வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் குனிந்து, "இன்னும் யாருக்கும் சொல்லலண்ணே" என்றார்.

"நான் வளையல் வித்தேன் தாயி. வேற எனக்கு என்ன தெரியும்?"

அந்த ஆடியில் அந்தப் பெண் வரவில்லை. பூரத்துக்கு முதல் நாள் வரை இவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவணி கடைசியில் அந்தப் பெண் வந்தார். தோளில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். இந்த முறை விரல் நேராக ஓரத்துக் கம்புக்குப் போயிற்று. கறுப்பு, திருஷ்டிக்கு.

"பிஞ்சுக் கைக்குக் கண்ணாடி வேண்டாம், உடைஞ்சா குத்தும்" என்று சொல்லி, அடியிலிருந்த டப்பாவைத் திறந்து, மழமழவென்ற கறுப்பு பிளாஸ்டிக் வளையல் ஒரு ஜோடி எடுத்தார். கூடவே அதைவிடச் சற்றுப் பெரிதாக இன்னொரு ஜோடி. முதல் ஜோடிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.