வந்து போனவர்களா, வந்து தங்கியவர்களா?

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் பட்டப்படிப்புக்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறார். மலையக மக்களின் வரலாறுதான் தலைப்பு. இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டபோது, பக்கமெங்கும் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் துண்டு துண்டாக வந்திருக்கிறது. தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “சேர், சொற்களையெல்லாம் மாத்திட்டேன். இன்னும் காட்டுது” என்றார்.

அவர் திருடவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு பந்தி எழுதியிருந்தார், அவ்வளவுதான். ஒரு பந்தி ‘மொல்ட்றிச் கூறுகிறார்’ என்று தொடங்கியது. அடுத்தது ‘பீபிள்ஸ் கூறுகிறார்’, அதற்கடுத்தது ‘வென்ஸ்ல்ஹியூமர் கூறுகிறார்’. இப்படி எழுதும்போது நூல் மேசையில் திறந்தே கிடக்கும். நூலாசிரியர் எந்த ஒழுங்கில் சொன்னாரோ அதே ஒழுங்கில்தான் நமது வசனமும் போகும். இடையிலே நாலைந்து சொற்களை மாற்றினாலும் வசனத்தின் எலும்பு அவருடையது. இதைத்தான் ஒட்டு என்கிறேன். மென்பொருள் பார்ப்பதோ சொற்கள் தொடர்ந்து வரும் வரிசையை. மாற்றிய சொற்களுக்கு இடையே தப்பிய தொடர்களெல்லாம் நிறம் பூசிக்கொண்டு எழும்புகின்றன. சொல்லை இன்னும் மாற்றினால் நிறம் குறையலாம், ஒட்டு போகாது.

சிறு ஒப்புமைகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. அதை அழுத்தினால் விழுக்காடு இறங்கும். பந்தி அப்படியே இருக்கும்.

நாங்கள் செய்தது வேறு. பெரிய தாளொன்றில் கட்டம் போட்டோம். மேலே குறுக்காக நூல்கள், இடது பக்கம் கீழ்நோக்கிக் கருப்பொருள்கள். ஆசிரியை முதலில் எழுதிய கருப்பொருள்கள் ‘வறுமை’, ‘கல்வி’, ‘குடியுரிமை’. ஒற்றைச் சொல் போதாது, கேள்வியாக எழுதுங்கள் என்றேன். ‘குடியுரிமை’ என்ற கட்டத்துக்குள் எதையும் கொட்டலாம். கேள்விக்குப் பதில்தான் எழுத வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் எழுதிய கேள்வி இது: இந்த மக்கள் வந்து போனவர்களா, வந்து தங்கியவர்களா?

நேயர்களே, இந்த ஒரு கேள்வியிலேயே நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். எனக்கு இது மிகவும் பிடித்த கேள்வி.

1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் தொடர்ச்சியான வதிவைக் கேட்டது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. லயத்துக் காம்பராவில் எத்தனை பேர் கையில் அதற்கான கடதாசி இருந்திருக்கும்? ஆகவே ‘தங்கினார்களா’ என்பது பழைய கதை மட்டுமல்ல, உரிமையைத் தீர்மானித்த கேள்வி.

இப்போது கட்டங்களை நிரப்பினோம். விதி ஒன்றுதான்: வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், பிறகு உங்கள் தமிழில் இரண்டு வரி, பக்க எண்ணோடு. ஆசிரியரின் சொல்லே வேண்டுமென்றால் அந்த நிமிடமே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால், எது அவர் சொல், எது உங்கள் சொல் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். கட்டத்துக்குள் நூலின் வசனத்தை அப்படியே இறக்கினால், கட்டம் போட்டும் பயனில்லை. ஒட்டு அங்கிருந்தே திரும்பி வரும்.

முதல் நூல் 1989இல் டொனொவன் மொல்ட்றிச் எழுதியது. கோப்பிக் காலத்துத் தொழிலாளரைப் பற்றிப் பேசுவது. வடக்கிலிருந்து மாத்தளை நோக்கிய நெடும் நடை, நோய், சாவு எல்லாம் அதிலே வருகின்றன. அடுத்தது 2008இல் வெளிவந்த ரோலண்ட் வென்ஸ்ல்ஹியூமரின் நூல். 1880க்கும் 1900க்கும் இடையே கோப்பி போய்த் தேயிலை வந்த மாற்றத்தை ஆராய்கிறது. மூன்றாவது 2001இல் வந்த பற்றிக் பீபிள்ஸின் நூல். தோட்டத் தமிழரை வெறும் தற்காலிகக் கூலிகளாகப் பார்க்கும் வழக்கத்தோடு அவர் வாதாடுகிறார்.

மூன்றையும் அந்தக் கேள்வியின் வரிசையில் குறுக்காக வாசித்தபோது ஆசிரியையின் முகம் மாறியது. “சேர், இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுறாங்க” என்றார். அந்த இடத்தில்தான் மீளாய்வு பிறக்கிறது. பிறகு எல்லா நூல்களையும் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தாளை மட்டும் பார்த்து எழுதச் சொன்னேன். அவர் எழுதிய பந்தியின் சாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

‘தோட்டத் தொழிலாளர் எப்போது நிரந்தரக் குடிகளானார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. அதனால் குடும்பமாகத் தங்கும் தேவை உண்டானது என்பது பரவலான விளக்கம். இலைநோய் 1869இல் தென்பட்ட பின் கோப்பி வீழ்ந்ததை இதன் திருப்பமாகக் கொள்வர். ஆனால் வழியிலேயே இறந்தவர்களின் தொகையைக் காட்டும் ஆய்வுகளையும், தோட்டங்களிலேயே வசித்தோர் முன்பே இருந்தனர் என்னும் வாதத்தையும் சேர்த்துப் பார்த்தால், “வந்து போனவர்” என்ற சித்திரம் முழுமையானதல்ல.’

இந்தப் பந்தியில் ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் நூலாசிரியர் பெயரும் ஆண்டும் உண்டு. வாசிக்கும்போது நான் அவற்றை விட்டுவிட்டேன். இந்த வரிசையில் இந்தக் கருத்துகள் எந்த ஒரு நூலிலும் இல்லை. ஆகவே பொருந்துவதற்கு நூலில் எதுவுமே கிடையாது. அவர் மறுபடி சோதித்தபோது அந்தப் பந்தியில் நிறம் பூசியிருந்தவை நூலாசிரியர் பெயர்களும் ஆண்டுகளும்தான். அவற்றை மாற்றக் கூடாது, மாற்றினால் பிழையாகிவிடும்.

வீட்டில் இருந்து கேட்கும் மாணவர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் அத்தியாயத்தில் ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தை மட்டும் வாசியுங்கள். ஆட்பெயரில் தொடங்குகிறதென்றால், நீங்கள் இன்னும் நூல்வாரியாகத்தான் எழுதுகிறீர்கள். தலைப்பை மட்டும் கருப்பொருளாக்கி, உள்ளே ‘இவர் சொல்கிறார், அவர் சொல்கிறார்’ என்று அடுக்குபவர்களையும் நான் நிறையக் கண்டிருக்கிறேன். பெயர்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். பந்தி அப்போதும் ஏதாவது சொல்கிறதா?

இன்னொன்று. ஆங்கில நூலை வசனம் வசனமாகத் தமிழாக்கி வைத்தால் மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. ஆனால் உங்கள் ஆசிரியர் அந்த நூலை வாசித்தவராக இருந்தால் பிடிப்பார். ஒழுங்கு காட்டிக்கொடுத்துவிடும். அது தமிழில் செய்த ஒட்டு, வேறொன்றுமில்லை.

நேரம் நெருங்குகிறது, நேயர்களே. அந்தத் தாளில் பாதி நிரம்பாமல் கிடந்த ஒரு வரிசையைச் சொல்லாமல் போக மனமில்லை. ‘இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இந்தக் கதை எப்படி?’ என்று ஆசிரியையே கடைசியில் சேர்த்த கேள்வி அது. கட்டத்தில் இருந்த நூல்கள் பெரும்பாலும் கண்டி, நுவரெலியா மலைகளைப் பார்த்தே எழுதப்பட்டவை. நமது பக்கத்தில் இறப்பர் உண்டு, அதுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. கோப்பியிலிருந்து தேயிலைக்கு என்ற விளக்கம் இறப்பர் தோட்டத்து லயங்களுக்குப் பொருந்துமா? பால் வெட்ட விடியுமுன் எழும்பிய குடும்பங்கள் எப்போது வந்தன, எப்போது தங்கின? நூல்களை ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தால் இந்த வெறுங்கட்டம் அவர் கண்ணில் பட்டிருக்காது. இப்போது அதுவே அவரது ஆய்வின் கேள்வி. பலாங்கொடையில், பெலிஹுல்ஓயாவில், எங்கேயோ ஒரு லயத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, நீங்களும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். இறப்பர் பற்றிய கட்டங்களை நிரப்ப உங்கள் பாட்டிமாரிடமும் கேளுங்கள்.